ஃபர்ஸ்ட் ஆர்ட்டிக்கிள் இன்ஸ்பெக்‌ஷன்: பலூன் போடுவது முதல் கையெழுத்து வரை

அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள நம் ஷாப்பில் க்யூ.சி.யில் புதிதாகச் சேர்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் இறங்கிய அலுமினிய பேரிங் ஹவுசிங்கையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். டிராயிங் இரண்டு ஷீட், மெட்டீரியல் 6061-T6, மேலே அனோடைசிங்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காலையில் செட்டிங் முடிந்ததும் ஆபரேட்டர் முதல் பீஸைக் கொண்டுவந்து நாலு அளவு பார்க்கச் சொல்வாரே, அது செட்டிங் அப்ரூவல். ஃபர்ஸ்ட் ஆர்ட்டிக்கிள் இன்ஸ்பெக்‌ஷன், சுருக்கமாக எஃப்.ஏ.ஐ., அது இல்லை. டிராயிங்கில் கேட்டிருக்கும் எல்லாவற்றையும், ஒன்று விடாமல், ஒரு பீஸில் அளந்து நிரூபிப்பதுதான் எஃப்.ஏ.ஐ. அந்தப் பீஸ் உற்பத்தியில் ஓடப்போகும் அதே மெஷினில், அதே ஃபிக்ஸ்சரில், அதே புரோகிராமில் வந்திருக்க வேண்டும். கை வைத்துத் தேய்த்துச் சரிசெய்த சாம்பிள் பீஸை அளந்தால் நாளை ஓடப்போகும் ஐநூறு பீஸைப் பற்றி அது எதையும் சொல்லாது.

விமானத் துறை வேலை என்றால் ஏ.எஸ். 9102 படி மூன்று ஃபார்ம் உண்டு. முதல் ஃபார்மில் பார்ட் நம்பர் விவரம், இரண்டாவதில் மெட்டீரியலும் ஸ்பெஷல் பிராசஸும், மூன்றாவதில் அளவுகள். கார் கம்பெனி வேலை என்றால் உற்பத்திக்கு ஒப்புதல் வாங்கும் பி.பி.ஏ.பி. ஃபைலில் டைமென்ஷனல் ரிசல்ட் என்ற பெயரில் இதே பட்டியல் போகும். பெயர் எதுவானாலும் பலூன் போடும் விதம், அதாவது டிராயிங்கில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் வட்டத்துக்குள் எண் கொடுக்கும் விதம், ஒன்றுதான்.

பலூன் போடுவதற்கு முன்

பர்ச்சேஸ் ஆர்டரில் உள்ள ரிவிஷனும் கையில் உள்ள டிராயிங்கின் ரிவிஷனும் ஒன்றா என்று பாருங்கள். ஷாப் ஃப்ளோரில் எண்ணெய்க் கறையோடு தொங்கும் பிரிண்ட்டை எடுக்காதீர்கள். டாக்குமென்ட் கன்ட்ரோலில் இருந்து புதிதாக ஒரு பிரிண்ட் வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை ஷீட் என்று டைட்டில் பிளாக்கில் பார்த்து, எல்லா ஷீட்டும் கைக்கு வந்ததா என்று எண்ணுங்கள்.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. முன்பு நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், இதே மாதிரி ஹவுசிங் ஒன்றுக்கு இரண்டாவது ஷீட்டில் இருந்த செக்‌ஷன் வியூவுக்கு யாரும் பலூன் போடவில்லை. சர்க்ளிப் க்ரூவின் அகலம் அந்த வியூவில் மட்டும்தான் இருந்தது. ரிப்போர்ட்டில் எல்லாமே சரி. வாடிக்கையாளரின் அசெம்பிளியில் சர்க்ளிப் உட்காரவில்லை. லாட் முழுதும் திரும்பி வந்தது. அளந்ததில் பிழை எதுவும் இல்லை, அந்த அளவை யாரும் அளக்கவே இல்லை. அளவில் வரும் தவறை இன்னொருவர் மறுபடி அளந்து பிடித்துவிடலாம். பலூனே இல்லாத அளவு ரிப்போர்ட்டைப் படிப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

எண் கொடுப்பது

ஷீட் ஒன்றின் மேல் இடது மூலையில் தொடங்கி, கடிகாரச் சுற்றில், ஒரு வியூவை முழுதாக முடித்துவிட்டு அடுத்த வியூவுக்குப் போங்கள். அளவின் பக்கத்திலேயே சிறு வட்டம் வரைந்து எண் போடுங்கள். அம்புக்குறி எந்த அளவைக் காட்டுகிறது என்பதில் சந்தேகமே வரக்கூடாது. ஷீட் இரண்டில் எண் தொடர வேண்டும், மறுபடி ஒன்றில் தொடங்கக்கூடாது. முடித்த பிறகு மஞ்சள் ஹைலைட்டரை எடுத்து, பலூன் விழுந்த ஒவ்வொரு அளவின் மேலும் ஒரு கோடு இழுங்கள். மஞ்சள் படாமல் நிற்பது எதுவோ, அதுதான் நீங்கள் விட்டது.

எதற்கெல்லாம் பலூன்? அளவுகளுக்கு மட்டும் இல்லை. சர்ஃபேஸ் ஃபினிஷ், த்ரெட், சாம்ஃபர், ரேடியஸ், ஜி.டி.&டி. கட்டங்கள், நோட்ஸில் உள்ள ஒவ்வொரு வரி எல்லாவற்றுக்கும் எண் வேண்டும். ‘கூர்முனைகளை நீக்கு’, ‘அனோடைஸ் செய்’, ‘பார்ட் நம்பரைப் பொறி’ என்பவையும் வாடிக்கையாளர் கேட்டவைதான்.

அடைப்புக்குறிக்குள் உள்ள அளவு ரெஃபரன்ஸ். அதை வைத்து ஏற்கவோ தள்ளவோ முடியாது. பெட்டிக்குள் உள்ள பேசிக் அளவுக்குத் தனி டாலரன்ஸ் கிடையாது. அதற்கான லிமிட் பொசிஷன் கட்டத்தில் இருக்கும்.

‘4X Ø6.6’ என்று இருந்தால் நாலு துளை. பலூன் 14 என்றால் பதிவில் 14.1, 14.2, 14.3, 14.4 என்று நாலு வரி. எது முதல் துளை என்பதை டிராயிங்கிலேயே குறித்துவிடுங்கள். பிறகு யாராவது மூன்றாவது துளையில் பிரச்சினை என்றால் எல்லோரும் ஒரே துளையைப் பார்க்க வேண்டும் அல்லவா?

ரிவிஷன் மாறினால் பழைய எண்களைக் கலைக்காதீர்கள். நீங்கிய அளவின் எண் அப்படியே காலியாக நிற்கட்டும், புதிய அளவுக்குக் கடைசி எண்ணுக்கு அடுத்த எண். பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இதன் அருமை தெரியும்.

லிமிட் எழுதுவது

அளக்கத் தொடங்குவதற்கு முன்பே கீழ் லிமிட், மேல் லிமிட் இரண்டையும் எண்ணாக எழுதி முடித்துவிடுங்கள். கையில் மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு மனக்கணக்குப் போடும்போதுதான் தவறு நுழைகிறது. Ø47 H7 என்றால் 47.000 முதல் 47.025 வரை. Ø62 g6 என்றால் 61.971 முதல் 61.990 வரை. g6-ல் இரண்டு லிமிட்டுமே 62-க்குக் கீழே இருப்பதைக் கவனியுங்கள்.

டாலரன்ஸ் எழுதாத அளவுகளுக்கு டைட்டில் பிளாக்கில் ISO 2768-mK என்று இருக்கிறது. அதன் ‘m’ படி 3-க்கு மேல் 6 வரை ±0.1, 6-க்கு மேல் 30 வரை ±0.2, 30-க்கு மேல் 120 வரை ±0.3. ஆகவே ஃப்ளாஞ்ச் தடிமன் 8 என்பது 7.8 முதல் 8.2, வெளி விட்டம் 96 என்பது 95.7 முதல் 96.3. சாம்ஃபருக்கு மட்டும் அதே ஸ்டாண்டர்டில் வேறு டேபிள் உண்டு. 1 × 45° சாம்ஃபருக்கு ±0.2 வரும், நீள அளவு டேபிளைப் பார்த்து ±0.1 போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அளப்பது

கருவியின் லீஸ்ட் கவுன்ட் டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்காகவோ அதைவிடச் சிறிதாகவோ இருக்க வேண்டும். 0.025 அகலமுள்ள H7-க்கு வெர்னியரை எடுக்கவே கூடாது, 0.001 படிக்கும் போர் கேஜ், 47 ரிங் கேஜில் ஜீரோ செய்தது வேண்டும். காலிப்ரேஷன் ஸ்டிக்கரில் தேதி தாண்டியிருந்தால் அந்தக் கருவியைத் தொடாதீர்கள்.

அப்புறம் வெப்பம். டிராயிங்கில் உள்ள அளவுகள் 20 டிகிரிக்கானவை. சென்னையில் மே மாத மதியம் ஷாப் ஃப்ளோர் 33 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும். நம் 47 மி.மீ. போர் 13 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 14 மைக்ரான் பெரிதாகிவிடும். மொத்த டாலரன்ஸே 25 மைக்ரான்! ஸ்டீல் ரிங் கேஜும் அதே இடத்தில் அதே சூட்டில் இருந்தால் அதுவும் பாதி விரிந்து பாதிப் பிழையைத் தின்றுவிடும்; மீதி 7 மைக்ரான் அப்படியே நிற்கும். அதனால் பீஸையும் ரிங் கேஜையும் முந்தைய நாள் மாலையே இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் வைத்துவிடுங்கள், காலையில் அளக்கலாம். மெஷினில் இருந்து இறக்கிய சூட்டோடு எஃப்.ஏ.ஐ. அளவு எடுப்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

போரை மேல், நடு, அடி என்று மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசையில் பாருங்கள். ஆறு அளவில் சிறியதும் பெரியதும் பதிவாக வேண்டும். இந்த டிராயிங்கில் ‘அளவுகள் ஃபினிஷுக்குப் பிறகு’ என்று நோட் இருப்பதால் அனோடைஸ் ஆகி வந்த பிறகுதான் இறுதி அளவு. 10 மைக்ரான் படலத்தில் ஏறக்குறைய பாதி வெளியே வளரும், ஒரு பக்கத்துக்கு 5 மைக்ரான், போரின் விட்டத்தில் 10 மைக்ரான் குறையும். மெஷினிங்கில் 47.003 வந்திருந்தால் அனோடைஸுக்குப் பிறகு கீழ் லிமிட்டைத் தாண்டிவிடும்.

பதிவு

நம் ஹவுசிங்கின் ஷீட்டில் இருந்து சில வரிகள்:

| எண் | கேட்டது | கீழ் லிமிட் | மேல் லிமிட் | அளந்தது | கருவி |
|---|---|---|---|---|---|
| 7 | Ø47 H7 | 47.000 | 47.025 | 47.009 – 47.014 | போர் கேஜ் |
| 8 | Ø62 g6 | 61.971 | 61.990 | 61.978 – 61.983 | மைக்ரோமீட்டர் 50–75 |
| 11 | க்ரூவ் அகலம் 1.85 +0.14/0 | 1.85 | 1.99 | 1.914 | புரொஃபைல் புரொஜெக்டர் |
| 14.3 | Ø6.6 | 6.4 | 6.8 | 6.63 | சி.எம்.எம். |
| 15.3 | பொசிஷன் Ø0.2 | – | 0.2 | 0.213 | சி.எம்.எம். |

அளந்தது என்ற கட்டத்தில் ‘ஓகே’ என்று எழுதாதீர்கள். ‘ஓகே’ என்பது உங்கள் முடிவு. வாடிக்கையாளர் கேட்பது எண். 47.001-ம் ஓகே, 47.014-ம் ஓகே; ஆனால் முதலாவது வந்தால் டூல் கொஞ்சம் தேய்ந்தாலே ரிஜெக்ட் என்று புரொடக்‌ஷனுக்குத் தெரிய வேண்டும். த்ரெட்டை கோ, நோ-கோ கேஜில் பார்க்கும்போது மட்டும் எண் வராது. அங்கே ‘கோ நுழைந்தது, நோ-கோ நுழையவில்லை’ என்று கேஜின் எண்ணோடு எழுதுங்கள். உங்களுக்குச் சாதகமாக ரவுண்ட் செய்யாதீர்கள். 61.9904 என்று காட்டினால் 61.990 ஆகாது.

15.3-ஐப் பாருங்கள். சி.எம்.எம். அந்தத் துளையின் மையம் எக்ஸ் திசையில் 0.08, ஒய் திசையில் 0.07 விலகியிருப்பதாகச் சொன்னது. இரண்டுமே 0.1-க்குக் கீழ்தானே என்று ஆபரேட்டர் கேட்டார். பொசிஷன் கணக்கு இது:

```
2 × √(0.08² + 0.07²) = 0.213
```

லிமிட் 0.2, ஆக ரிஜெக்ட். துளை பெரிதானால் பொசிஷனுக்குக் கூடுதல் இடம் தரும் குறியான வட்டத்துக்குள் M கட்டத்தில் இருந்திருந்தால், துளை அதன் கீழ் லிமிட்டான 6.4-ஐவிட 0.23 பெரிதாக இருப்பதால் அந்த 0.23 போனஸாகக் கிடைத்துப் பாஸ் ஆகியிருக்கும். இந்த டிராயிங்கில் M இல்லை. அசெம்பிளியில் போல்ட் நுழைந்துவிடும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் இல்லாத போனஸைப் போடும் அதிகாரம் நமக்குக் கிடையாது.

ரிஜெக்ட் வந்தால் 0.213 என்றே எழுதி, லிமிட்டுக்குள் வராததைப் பதியும் என்.சி. ரிப்போர்ட்டின் எண்ணைப் பக்கத்தில் குறியுங்கள். பாஸ் ஆகும் வரை திரும்பத் திரும்ப அளந்து நல்ல எண்ணைத் தேர்ந்தெடுப்பது பொய் ரிப்போர்ட். சந்தேகம் இருந்தால் ஒரு தடவை, வேறு ஆளை வைத்து, புதிதாக ஃபிக்ஸ் செய்து அளக்கலாம், இரண்டு எண்ணையும் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தத் துளையில் ஸ்பாட் டிரில் போடாததால் டிரில் வழுக்கியிருந்தது. புரோகிராமைத் திருத்தி அடுத்த பீஸில் 15.1 முதல் 15.4 வரையும், அதே ஆபரேஷனில் வரும் 14 வரிசையையும் மறுபடி அளந்தோம். மற்ற அளவுகள் பழைய பீஸில் இருந்தே நிற்கலாம், இது பார்ஷியல் எஃப்.ஏ.ஐ. டிராயிங், மெட்டீரியல், மெஷின், ஃபிக்ஸ்சர், இடம் எது மாறினாலும் பாதிக்கப்பட்ட அளவுகளுக்கு இதே மாதிரி மறுபடி செய்ய வேண்டும். ஏ.எஸ். 9102 படி இரண்டு வருடம் உற்பத்தி நின்றிருந்தாலும் அப்படித்தான்.

கையெழுத்துப் போடும் முன் பலூனின் கடைசி எண்ணையும் ஷீட்டின் கடைசி வரியையும் ஒப்பிடுங்கள், இரண்டும் ஒன்றாக வர வேண்டும். மெட்டீரியல் சர்ட்டிஃபிகேட்டில் உள்ள ஹீட் நம்பரும் பாரில் பொறித்த நம்பரும் ஒன்றா என்று பாருங்கள், அனோடைசிங் சர்ட்டிஃபிகேட்டையும் சேருங்கள். அளந்த பீஸுக்கு டேக் கட்டி, ரிப்போர்ட் எண்ணை எழுதி, க்யூ.சி. அலமாரியின் இரண்டாவது தட்டில் வையுங்கள். அதை டிஸ்பாட்ச் பெட்டியில் கலந்துவிடாதீர்கள்.