தனம்மா கடை திறப்பு விழா: உங்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். கலா எழுதுகிறேன். தனம்மா கடை கலா.

வருகிற ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை (பராபவ வருடம் ஆனி 7, வளர்பிறை), காலை 7.30 மணிக்கு மேல் 8.30 மணிக்குள் நம்ம கடையைப் புது இடத்தில் திறக்கிறோம். தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டில். இந்த முறை மேலே கூரை இருக்கிறது, உட்கார நாற்காலி இருக்கிறது, மழை வந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. நீங்கள் குடும்பத்தோடு வந்து, உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டுப் போக வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மஞ்சள் தடவிய பத்திரிகையும் அடித்திருக்கிறேன். சொந்தக்காரர்களுக்கு அது போய்ச் சேரும். உங்களில் நிறையப் பேருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் யாருக்குக் குழம்பில் துண்டு மீன் வேண்டும், யாருக்குத் தலை வேண்டும், யார் ரசத்தைத் தனி டம்ளரில் கேட்பார்கள் என்று தெரியும். அப்படிப்பட்டவர்களுக்குப் பத்திரிகையைக் கையில் திணித்து அனுப்ப மனசு வரவில்லை.

கடையின் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அம்மா கல்மண்டபம் பக்கம் ஒரு பலகையும் மண்ணெண்ணெய் அடுப்பும் வைத்து ஆரம்பித்தார். அன்றைக்கு வந்தவர்கள் எல்லாம் ஹார்பரில் வேலை பார்த்தவர்கள்: ஐஸ் உடைக்கிறவர்கள், கூடை தூக்குகிறவர்கள், ஏலம் முடித்துக்கொண்டு தலையில் அன்னக்கூடையோடு தெருத்தெருவாகப் போகிற அக்காக்கள். விடிவதற்கு முன்னாலேயே பசி எடுக்கிற தொழில் அது. அதனால் அம்மா காலையிலேயே இட்லிக்கு முந்தின நாள் மீன் குழம்பு ஊற்றுவார். அப்புறம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து வருகிற நர்ஸ் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஷேர் ஆட்டோ அண்ணன்கள் என்று கூட்டம் கூடியது. அம்மா கடைக்குப் பேர் வைக்கவே இல்லை. நீங்கள்தான் தனம்மா கடை என்றீர்கள். இப்போது போர்டிலும் அதையேதான் எழுதியிருக்கிறேன்.

மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிய வருடங்களில் வண்டியைச் சந்துக்குள் தள்ளினோம். தகரத் தடுப்பு, புழுதி, பாதை தெரியாது. அப்போதும் தேடிப் பிடித்து வந்தீர்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் ரயில் ஓட ஆரம்பித்தபோது, முதல் வாரமே அதில் ஏறி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் இருக்கிறீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது, பக்கத்துப் பிள்ளைகள்தான் அடுப்பையும் அண்டாவையும் மாடிக்குத் தூக்கி வைத்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு முதலில் வைத்த உலை அந்தப் பிள்ளைகளுக்கு. அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் இப்போது என்னோடு வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள்.

இத்தனை வருடமும் எனக்கு ஒரே ஒரு குறைதான். நம்ம கடையில் வயசானவர்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். ஒரு கையில் தட்டு, இடுப்பில் குழந்தை என்று பெண்கள் சாப்பிட்டார்கள். உழைத்துவிட்டு வருகிறவர்களுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும் என்று அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்க அவர் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள்.

புது இடம் பெரிசு இல்லை. ஏழு மேஜை. சுவர் ஓரமாக ஒரு நீளப் பலகை, தனியாக வருகிறவர்கள் சாப்பிட. பெண்கள் தனியாக வந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்காத இடமாக அது இருக்கும், அதற்கு நான் பொறுப்பு. கை கழுவ இரண்டு குழாய், ஒன்று குழந்தைகள் உயரத்துக்கு. வாசல்படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு போட்டிருக்கிறோம், முட்டி வலிக்கிற ஆயாக்கள் படி ஏற வேண்டாம். சமையல்கட்டுக்கு முன்னால் கதவு வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், என்ன எண்ணெய் என்று கேட்கலாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது.

குழம்பு அதே குழம்புதான். மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்து, வெந்தயம் சிவந்து வாசனை வரும்போது சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாகப் போகும். தக்காளி கரைந்த பிறகு வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள், அப்புறம் புளிக்கரைசல். பச்சை வாசனை போய், எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கிற வரைக்கும் மீனைத் தொடவே மாட்டோம். மாங்காய்க் காலத்தில் புளியைக் குறைத்துத் தோலோடு மாங்காய்த் துண்டு போடுவோம். மீன் கடைசியில்தான் இறங்கும். அதற்கப்புறம் கரண்டி கிடையாது, சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவதோடு சரி. கரண்டி பட்டால் சங்கரா உடைந்துபோகும். ஆள் மாறினாலும் இந்த முறை மாறக் கூடாது என்பதால், புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு முதல் வேலையாகச் சட்டி சுற்றத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

மீன் தினமும் காசிமேட்டு ஏலத்தில் நானே எடுப்பது. செவுள் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் தெளிவாக வெளியே துருத்தி நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்க மாட்டேன். அதனால் எங்களிடம் அச்சடித்த மெனு இருக்காது. வாசலில் ஒரு கரும்பலகை. சங்கரா கிடைத்தால் சங்கரா, கானாங்கெளுத்தி கிடைத்தால் அது, நெத்திலி வந்தால் வறுவல், கடம்பா வந்தால் தொக்கு. பால்சுறா கிடைக்கிற நாளில் சுறாப்புட்டு உண்டு. பிள்ளை பெற்ற பெண்களுக்கு என்று முன்கூட்டியே சொன்னால் அவர்களுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. வஞ்சிரம் எல்லா நாளும் இருக்காது. இல்லாத நாளில் இல்லை என்று சொல்லிவிடுவேன்.

ஏன் ஜூன் 21 என்று நிறையப் பேர் கேட்டீர்கள். கடை வேலை சித்திரையிலேயே முடிந்துவிட்டது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற காலம், கடலை விட்டுவைக்க வேண்டிய காலம். அந்த நாட்களில் நாட்டுப் படகும் ஃபைபர் படகும் கொண்டு வருவதுதான் உள்ளூர் மீன், அதுவும் கைக்கு எட்டாத விலை. மேற்குக் கடற்கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிற மீனை வாங்கி முதல் நாள் குழம்பு வைக்க எனக்கு இஷ்டமில்லை. தடை முடிந்து நம்ம விசைப்படகுகள் போய் ஒரு வாரம் ஆகட்டும், கரைக்குப் புது மீன் வரட்டும், நம்ம ஆட்கள் கையிலும் நாலு காசு புரளட்டும் என்று காத்திருந்தேன். படகில் போகிறவர்கள் வீட்டில் அடுப்பு எரியாத மாதத்தில் நான் மேளம் கொட்டிக் கடை திறப்பது சரியாகவும் படவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாசல் பக்கம் அத்தோ கிடைக்கும். வியாசர்பாடியில் இருக்கிற ஓர் அண்ணன் வந்து போடுகிறார். 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலில் வந்து இறங்கிய குடும்பம் அவருடையது. அவர் அம்மா சொல்லிக் கொடுத்த கைப்பக்குவம். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு வறுத்த எண்ணெய், நொறுக்கிய பேஜோ எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார். கூடவே வாழைத்தண்டு சூப், கேட்டால் இன்னொரு கிண்ணம். மீன் குழம்பும் அத்தோவும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதுதான் நம்ம வடசென்னை, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சைவம் சாப்பிடுகிறவர்களும் தயங்காமல் வாருங்கள். அவர்களுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். மீன் சாப்பாடு 130 ரூபாய், சைவச் சாப்பாடு 90 ரூபாய். சோறும் குழம்பும் ரசமும் கேட்கிற அளவுக்கு. ஹார்பர் ஆட்களுக்காகக் காலை ஆறு மணிக்கே கடை திறந்துவிடும், இட்லியும் முந்தின நாள் குழம்பும் தயாராக இருக்கும். ராத்திரி பத்து மணி வரைக்கும் உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை, வேலை செய்கிற பெண்களும் வீட்டில் ஒரு நாள் இருக்க வேண்டுமே.

இனி திறப்பு விழா அன்றைக்கு.

ரிப்பனை எந்தப் பிரமுகரும் வெட்டப் போவதில்லை. அம்மா காலத்திலிருந்து நமக்கு மீன் கொடுக்கிற காசிமேட்டு ஆயாதான் குத்துவிளக்கு ஏற்றுகிறார். அவர் எங்கே கூடை வைத்து உட்காருவார் என்று உங்களுக்கே தெரியும். பால் காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்த பிறகு காலையில் இட்லி, கேசரி. அன்றைக்குச் சுபகாரியம் என்பதால் காலையில் சைவம் மட்டும். மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் மீன் சாப்பாடு, வருகிற எல்லோருக்கும். அன்றைக்குக் கல்லாப்பெட்டி மூடியிருக்கும், யாரும் பணம் நீட்டக் கூடாது.

மொய் வேண்டாம், பரிசு வேண்டாம், மாலையும் பொன்னாடையும் வேண்டாம். இது நான் உரிமையோடு கேட்பது. சாப்பிட்டுவிட்டு உப்பு கூடவா, புளி தூக்கலா, சோறு குழைந்துவிட்டதா என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போங்கள். நடைபாதையில் இருந்தபோது சொன்ன மாதிரியே சொல்லுங்கள். கண்ணாடிக் கதவு வந்துவிட்டது என்று யாரும் தள்ளி நிற்க வேண்டாம். லுங்கியோடு வரலாம், வேலை முடிந்த ஈரத்தோடு வரலாம், மீன் வாடையோடு வரலாம். உள்ளே இருப்பதும் அதே வாடைதானே.

வழி சுலபம். தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி வெளியே வந்து, தனம்மா கடை என்று எந்த ஆட்டோ அண்ணனைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். மாடியில் தையல் வகுப்பு நடக்கிற மஞ்சள் கட்டடம், வாசலில் வாழைமரம் கட்டியிருக்கும். வண்டி நிறுத்த இடம் குறைவு, ஞாயிற்றுக்கிழமை வேறு, மீன் வாங்க வருகிற கூட்டத்தில் ரோடு திணறும். முடிந்தவர்கள் மெட்ரோவிலோ பஸ்ஸிலோ வாருங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் முந்தின நாளே கடையில் சொல்லிவிடுங்கள், தம்பிகள் ஆட்டோவோடு வந்து அழைத்துக்கொள்வார்கள். வரவே முடியாதவர்களுக்கு ஒரு தூக்குவாளி கொடுத்து அனுப்புங்கள், குழம்பு ஊற்றித் தருகிறேன்.

பழைய இடத்தில் ஜூன் 19 ராத்திரி வரைக்கும் வண்டி இருக்கும். 20ஆம் தேதி சாமான் மாற்றுவதால் அன்று மட்டும் சாப்பாடு இல்லை. இந்தக் கடிதம் கைக்கு வராத நம்ம ஆட்கள் யாராவது இருந்தால், நீங்களே என் சார்பில் அழைத்துவிடுங்கள். சம்பந்தி வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், சோறு குறையாது.

உங்கள் வரவுக்காகக் காத்திருக்கும்,
கலா
தனம்மா கடை, தண்டையார்பேட்டை