உன் ரெஸ்யூமேயும் அந்த இரண்டு அறிவிப்புகளும்

தம்பி, நீ அனுப்பிய ரெஸ்யூமேயை இரண்டு வேலை அறிவிப்புகளோடும் ஒப்பிட்டுப் படித்துவிட்டேன். இரண்டிலும் பதவி பேக்கெண்ட் டெவலப்பர். இரண்டும் ஜாவா, ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ் கேட்கின்றன. திறன் பட்டியலை மட்டும் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே வேலைதான். வேறுபாடு வினைச்சொற்களில் இருக்கிறது. ஸ்டார்ட்அப், "முதலிலிருந்து உருவாக்கி, வெளியிட்டு, பராமரிக்க வேண்டும்" என்கிறது. பெரிய நிறுவனமோ "பிற குழுக்களோடு ஒருங்கிணைந்து, தரநிலைகளைப் பின்பற்றி, ஆவணப்படுத்த வேண்டும்" என்கிறது.

இப்போது உன் வரியைப் பார்: "பில்லிங் மாட்யூலில் பணியாற்றினேன்." இது இரண்டு பேருக்குமே எதையும் சொல்லவில்லை. நீ செய்தது எவ்வளவு பெரிய வேலை! ஸ்டார்ட்அப்புக்கு இப்படி எழுது:

"இருவர் குழுவில் பில்லிங் மாட்யூலை முதலிலிருந்து எழுதி மூன்று மாதத்தில் வெளியிட்டேன். பணம் செலுத்துதல் தோல்வியடைந்தால் மீண்டும் முயலும் பகுதி முழுவதும் என் பொறுப்பு."

பெரிய நிறுவனத்துக்கு:

"பில்லிங் மாட்யூலின் ஏபிஐகளை வடிவமைத்து, நிதி, டெஸ்டிங் குழுக்களோடு இணைந்து வெளியிட்டேன். யூனிட் டெஸ்ட் கவரேஜ் 80 சதவீதம். ஏபிஐ ஆவணங்களையும் எழுதினேன்."

இரண்டுமே நீ செய்த வேலைதான். எதை முன்னால் வைக்கிறோம் என்பது மட்டும்தான் மாறுகிறது. இரவு ரிப்போர்ட் ஓடும் நேரத்தை 40 நிமிடத்திலிருந்து 6 நிமிடமாகக் குறைத்தாயே, அது இரண்டாம் பக்கத்தில் கிடக்கிறது. இரண்டு பிரதியிலும் அதை முதல் பக்கத்துக்குக் கொண்டு வா. இண்டெக்ஸ் சேர்த்ததையும் குவெரியை மாற்றி எழுதியதையும் ஒரே வரியில் சொல்லிவிடு.

காஃப்காவில்தான் சிக்கல். பெரிய நிறுவனம் அதைக் கட்டாயம் என்கிறது, உன்னிடம் இருப்பது ராபிட்எம்க்யூ. காஃப்காவைத் திறன் பட்டியலில் சேர்க்காதே. நேர்காணலில் பார்ட்டிஷன் பற்றி ஒரு கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும். ராபிட்எம்க்யூவில் என்ன செய்தாய் என்பதைத் தெளிவாக எழுது. ஸ்டார்ட்அப் "ஏதாவது ஒரு மெசேஜ் கியூ" என்றுதான் கேட்கிறது, அங்கே நீ முழுத் தகுதி. ஐந்து வருட அனுபவம் கேட்பதைப் பார்த்துத் தயங்காதே, ஆனால் உன் நான்கு வருடத்தை ஐந்தாக்காதே.

அப்புறம், பக்கத்தை இடமும் வலமுமாக இரண்டு பத்தியாகப் பிரித்த அந்த வடிவமைப்பு. பெரிய நிறுவனத்தின் தளத்தில் பதிவேற்றினால், ரெஸ்யூமேயைப் படிக்கும் அவர்களின் மென்பொருள் இரண்டு பத்தியின் வரிகளையும் கலந்து படித்துவிடும் வாய்ப்பு உண்டு. ஒற்றைப் பத்தியாக்கு, அறிவிப்பில் உள்ள சொற்களையே, உண்மையாகப் பொருந்தும் இடங்களில், பயன்படுத்து. ஸ்டார்ட்அப்புக்கு மின்னஞ்சலில்தான் அனுப்பப் போகிறாய், டெக் லீட் நேரடியாகப் படிப்பார். கிட்ஹப் இணைப்பு பெயருக்கு அடியிலேயே இருக்கட்டும்.

என் கணிப்பில் ஸ்டார்ட்அப் உனக்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. பில்லிங் வரியையும் ரிப்போர்ட் விஷயத்தையும் மாற்றியதும் அனுப்பிவிடு. மற்றதற்குக் கடைசி நாள் அடுத்த வெள்ளி. புதன்கிழமைக்குள் புதுப் பிரதியை எனக்கு அனுப்பு, இன்னொரு முறை பார்த்துத் தருகிறேன்.