கலாவுக்கு, சாந்தி எழுதுவது

கலா,

இதைக் காகிதத்தில் எழுதி உன் புளோக்கின் கீழே இருக்கும் தபால் பெட்டியில் போடுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் குறி விழுந்ததா, விழவில்லையா என்று பார்த்துக்கொண்டே நாளைக் கெடுத்துக்கொள்வேன். உனக்கும் அது தொல்லை. படித்தது எனக்குத் தெரிந்துவிடும், ஏதாவது பதில் போட வேண்டுமே என்று இருக்கும். காகிதம் என்றால் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, தூங்கி எழுந்து, தோன்றும்போது பிரிக்கலாம். பிரிக்காமல் குப்பையில் போட்டாலும் எனக்குத் தெரியாது.

உன் கோபம் ஆறவில்லை என்று தெரிகிறது. தைப்பூசத்தன்று பெருமாள் கோயில் வாசலில் பால்குடத்தோடு வரிசையில் நின்றாய். என்னைப் பார்த்தாய், பார்த்ததும் உன் அம்மாவிடம் ஏதோ கேட்பதுபோலத் திரும்பிக்கொண்டாய். அத்தனை கூட்டத்தில் கிட்டே வந்து பேச எனக்கும் மனம் வரவில்லை. டேங்க் ரோடு கோயில் வரைக்கும் நீ முன்னால், நான் பின்னால். வழக்கமாக அந்த வழி முழுக்க நம் வாய் மூடாது. இந்த முறை எனக்கு முன்னால் நடந்த ஒரு பாட்டியின் கால் கொலுசைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பிள்ளை ஆதவனின் மார்க்கை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. நவம்பர் கடைசியில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, அந்த பிஎஸ்எல்இ ரிசல்ட் வந்த அன்று, நீ வார்டில் இடைவேளை எடுத்துக்கொண்டு, மாடிப்படியில் நின்று எனக்குப் போன் செய்து "22" என்றாய். அது அந்தப் போனோடு நின்றது. பள்ளி விருப்பப் பாரத்தில் ஆறு பள்ளிகளை எந்த வரிசையில் போடுவது, உயர்நிலையில் பாடங்களை எந்தக் கடினத்தில் தொடங்குவது, போஸ்டிங் குரூப் 2 எடுப்பதா 3 எடுப்பதா என்று இரவெல்லாம் பேசினோமே, அப்போதும் இவர் பக்கத்து அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். யார் போனில் என்று கேட்டதற்கு, கலாவுக்கு லீவு பிரச்சினை என்று சொல்லிவைத்தேன்.

அப்புறம் சமூக மன்றத்துப் பொங்கலில் அந்த அக்கா "22-தானே?" என்று கேட்டாரே, அவருக்கு எப்படித் தெரிந்தது? நீ அன்றிரவு அனுப்பிய மெசேஜில் கேட்டது இதைத்தான். கேள்வியாகக்கூட இல்லை, "உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்" என்று முடித்துவிட்டு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் விலகிவிட்டாய். அப்போது எனக்கு விடை தெரியாது. இப்போது தெரியும். போன வாரம் தேக்கா சந்தையில் அந்த அக்காவைப் பார்த்தேன், நேராகவே கேட்டுவிட்டேன். அவருக்கு நாம் ஏன் இதைப் பெரிதாக்குகிறோம் என்றே புரியவில்லை. அன்றைக்கு ஆதவன் பள்ளிவிட்டுச் சீருடையோடு வந்திருந்தான் இல்லையா? அவருடைய பேத்திக்கு இந்த ஆண்டு பிஎஸ்எல்இ. மருமகள் கல்வி அமைச்சின் இணையப் பக்கத்தில் பள்ளிப் பள்ளியாகப் பார்த்து, எந்தப் பள்ளி போன முறை எந்த மார்க்கிலிருந்து எந்த மார்க்வரை எடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறாராம். எண் குறைந்தால்தானே நல்ல மார்க், அந்தப் பள்ளியில் குரூப் 3-க்குக் கடைசி 22. "கடைசியாத்தானே கிடைச்சிருக்கும்னு சும்மா கேட்டேன்மா" என்றார். சும்மாவாம்! அந்த "கடைசியாத்தானே" என்பதற்கு அங்கேயே நாலு வார்த்தை சொன்னேன். மீன்காரர் தராசைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். அதை இங்கே எழுத வேண்டாம்.

நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம். அந்தப் பட்டியல் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது, உன் போனிலேயே வரும்.

ஆனால் உன்னை நோகடித்தது அந்த எண் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அவர் கேட்டவுடன் நீ என்னைப் பார்த்தாய், நான் தலையைக் குனிந்துகொண்டேன். குற்றம் செய்தவள்தான் அப்படிக் குனிவாள் என்று எடுத்துக்கொண்டாய். உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் எடுத்திருப்பேன். நடந்தது வேறு. அவர் வாயிலிருந்து அந்த எண் வந்ததும் எனக்கு உன் பெரியப்பா வீட்டுக் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. நான் அங்கே இல்லை. நீ சொல்லித்தான் தெரியும், ஆனால் நேரில் பார்த்ததுபோல மனதில் இருக்கிறது. சாப்பாட்டுப் பந்தியில் யாரோ ஒரு மாமா "எக்ஸ்பிரஸா, நார்மலா?" என்று சத்தமாகக் கேட்டு, நீ நார்மல் என்றதும் "ஐயோ, பரவாயில்லை" என்றாரே. உனக்கு அப்போது பதிமூன்று வயது. இலையில் வைத்த பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டதாகச் சொன்னாய். அந்த முகம் மறுபடி வரப்போகிறது, அதை நான் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று குனிந்தேன். அவ்வளவுதான்.

நம் காலத்தில் அது நெற்றியில் ஒட்டிவிட்ட மாதிரி. எக்ஸ்பிரஸ் என்றால் நாலு வருடம், நார்மல் என்றால் ஐந்து. உமறுப்புலவர் நிலையத்தில் சாயங்காலத் தமிழ் வகுப்புக்கு நாம் வேறு வேறு பள்ளிகளிலிருந்து வருவோமே, முதல் நாள் எல்லாரும் பள்ளிப் பெயரும் ஸ்ட்ரீமும் சொன்னார்கள். நீ பள்ளிப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். இடைவேளையில் என்னிடம் வந்து, "நான் நார்மல், இப்பவே சொல்லிட்டேன், பின்னாடி கேக்காதே" என்றாய். எனக்கு அந்த நிமிஷமே உன்னைப் பிடித்துப்போனது. ஐந்து வருடம் படித்து, பாலிடெக்னிக் போய், இன்றைக்கு ஒரு வார்டையே கட்டி மேய்க்கிறாய். எக்ஸ்பிரஸில் படித்த நான் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் பந்தியில் கேட்ட அந்த மாமா இப்போது நம் இருவரையும் வரிசைப்படுத்தட்டும் பார்க்கலாம்.

இன்னொன்று. நீ அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய். ஆதவனைப் பார்க்கவில்லை. அவன் கரும்பைக் கடித்துக்கொண்டே, "ஆமா பாட்டி, ஆனா தமிழ்ல ஏஎல் 3" என்றான். ஒரு துளி வெட்கம் இல்லை. கணக்கில் 7-ஆம் தரம் வாங்கிய பிள்ளை, தமிழில் 3 என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறான். நீ அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன வேகத்தில் அது உன் காதில் விழுந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. அவன் வகுப்பில் இப்போது எக்ஸ்பிரஸும் இல்லை, நார்மலும் இல்லை. 2024-இல் உயர்நிலை ஒன்றுக்குப் போன பிள்ளைகளோடு அந்தப் பெயர்களெல்லாம் போய்விட்டன. யார் குரூப் 1, யார் குரூப் 3 என்று பாராமல் ஒரே வகுப்பில் கலந்து உட்காருகிறார்கள். பெற்றோருக்குத்தான் இன்னும் அந்தப் பழைய பெயர்கள் ஞாபகத்தில் இருக்கின்றன. உனக்கு இருப்பதில் நியாயம் உண்டு. அவனுக்கும் அதைக் கொடுத்துவிடாதே என்று சொல்லலாமா? உரிமையில் சொல்கிறேன், பிடிக்கவில்லை என்றால் இந்த வரியை மட்டும் விட்டுவிடு.

எனக்கும் கோபம் உண்டு, கலா. அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். இத்தனை வருடப் பழக்கத்தில் "நீ சொன்னியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டுத் திட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். கேட்காமலே தீர்ப்புச் சொல்லிக் கதவைச் சாத்தியது எனக்குச் சுருக்கென்று தைத்தது. லிஃப்டில் உன் அம்மாவைப் பார்த்தபோது, "என்னம்மா, வீட்டுப் பக்கமே காணோம்?" என்றார். பள்ளியில் வேலை அதிகம் என்று ஒரு பொய். அவருக்கு நடந்தது தெரியாது போலிருக்கிறது, அப்படியே இருக்கட்டும். மறுநாள் ஆதவன் கையில் முறுக்கு கொடுத்து அனுப்பியிருந்தார். அவன் வாசலில் நின்று கொடுத்துவிட்டு, உள்ளே வராமலே ஓடிவிட்டான். வரக் கூடாது என்று நீ சொல்லியிருப்பாயோ, அவனாக நினைத்துக்கொண்டானோ தெரியவில்லை. எனக்கு நம் சண்டையைவிட அதுதான் பொறுக்கவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். நீயும் நானும் பேச இன்னும் நாளாகலாம், ஆகட்டும். அவனைப் புதன்கிழமை மாலை பழையபடி அனுப்பு. உயர்நிலையில் தமிழ்க் கட்டுரை வேறு மாதிரி கேட்பார்கள், வாய்மொழித் தேர்வுக்குப் படம் பார்த்துப் பேசுவது மட்டும் போதாது, கருத்துச் சொல்ல வேண்டும். அவனுக்குக் கருத்துக்குப் பஞ்சம் இல்லை, வாக்கியத்தை முடிக்கத்தான் தெரியாது. மூன்றைப் பிடித்த பையன், விட்டால் தேய்ந்துவிடும். மார்ச் விடுமுறைக்கு முன்னால் தொடங்கினால் நல்லது. நீ வந்து விட வேண்டாம், அழைத்துப்போகவும் வேண்டாம். இரண்டு புளோக் தள்ளி வர அவனுக்குத் தெரியும். அவனிடம் நம் விஷயம் எதையும் கேட்க மாட்டேன், உன்னைப் பற்றி அவன் சொன்னாலும் கேட்டுக்கொள்ள மாட்டேன்.

உனக்குப் பேசத் தோன்றினால், சனிக்கிழமைகளில் நான் எப்போதும்போல ஏழரைக்குத் தேக்காவில்தான் இருப்பேன், மீன் பக்கம். உன் ஷிஃப்ட் என்னவென்று இப்போது எனக்குத் தெரியாது, அதனால் இந்தச் சனிக்கிழமை என்று சொல்லவில்லை. வந்தால் முதலில் திட்டிவிடு, அது முடிந்ததும் தே ஹாலியா வாங்கித் தருகிறேன். வராவிட்டால் நான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன், அடுத்த வாரமும் அங்கேதான் இருப்பேன். இதற்கு மேல் மெசேஜ் போட்டு உன்னைத் துரத்த மாட்டேன்.

அம்மாவுக்கு முறுக்கு நன்றாக இருந்தது என்று சொல். உப்பு கொஞ்சம் தூக்கல், அதைச் சொல்லாதே.

சாந்தி

பி.கு. உன் இடியாப்ப அச்சு தீபாவளியிலிருந்து என்னிடம் இருக்கிறது. ஆதவனிடம் கொடுத்தனுப்பலாம் என்றால், அவன் அதை வழியில் எங்காவது வைத்துவிட்டு வருவான். நீயே வந்து எடுத்துக்கொள்.