அக்டோபர் மாத உற்பத்திச் செலவு வேரியன்ஸ்: விளக்கக் குறிப்பு

பெறுநர்: உற்பத்தி மேலாளர்
அனுப்புநர்: காஸ்ட் அக்கவுண்டன்ட்
நகல்: பர்சேஸ் மேலாளர், பராமரிப்புப் பொறியாளர்
தேதி: நவம்பர் 4
பொருள்: கிரேட் பிரிவில் ரூ. 6,60,000 பாதக வேரியன்ஸ் ஏற்பட்ட காரணம்

வணக்கம் சார்,

சனிக்கிழமை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "செப்டம்பரில் இருந்த அதே ஆட்கள், அதே மெஷின், ஒரே மாதத்தில் ஆறரை லட்சம் எங்கே போனது?" என்று கேட்டீர்கள். ஸ்டோர் இஷ்யூ சீட்டு, ரிஜெக்ட் ரிஜிஸ்டர், ஷிப்ட் லாக் மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தேன். பணத்தின் பெரும்பகுதி போனது அக்டோபர் 7-ம் தேதிக்கு மேல் ஓட்டிய புதிய லாட் பிளாஸ்டிக் கிரான்யூல்ஸில்தான். ரிப்போர்ட்டில் அது பர்சேஸுக்கு லாபமாகவும் உங்கள் பிரிவுக்கு நஷ்டமாகவும் பிரிந்து நிற்பதால் படம் கோணலாகத் தெரிகிறது. ஆனால் எல்லாமே அந்த லாட்டின் தலையில் கட்டக்கூடியதும் இல்லை. அதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

முதலில் கணக்கு. நல்ல உற்பத்தி 36,000 கிரேட் (பட்ஜெட் 40,000). ஸ்டாண்டர்டு செலவும் இந்த 36,000-க்குத்தான் போட்டது. ஆகவே மெட்டீரியல், கூலி, மாறும் செலவு ஆகியவற்றில் வரும் பாதகத்துக்கு உற்பத்தி குறைந்தது காரணமில்லை.

| விவரம் | ரூபாய் | |
|---|---|---|
| மெட்டீரியல் விலை | 3,00,000 | சாதகம் |
| மெட்டீரியல் உபயோகம் | 5,40,000 | பாதகம் |
| கூலி விகிதம் | 43,000 | பாதகம் |
| கூலி, சும்மா இருந்த நேரம் | 30,000 | பாதகம் |
| கூலித் திறன் | 54,000 | பாதகம் |
| மாறும் மேற்செலவு, திறன் | 72,000 | பாதகம் |
| மாறும் மேற்செலவு, செலவினம் | 53,000 | பாதகம் |
| நிலையான மேற்செலவு, செலவினம் | 48,000 | பாதகம் |
| நிலையான மேற்செலவு, அளவு | 1,20,000 | பாதகம் |
| நிகரம் | 6,60,000 | பாதகம் |

மெட்டீரியல்

ஒரு நல்ல கிரேடுக்கு ஸ்டாண்டர்டு 1.85 கிலோ. இதில் கிரேடின் எடை 1.80, சாதாரண கழிவு 0.05. 36,000 கிரேடுக்கு 66,600 கிலோ போதும். இஷ்யூ ஆனது 72,000 கிலோ. அதிகமான 5,400 கிலோவை ஸ்டாண்டர்டு விலையான 100 ரூபாயால் பெருக்கினால் 5,40,000.

இதை மாத மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது, லாட் வாரியாகப் பிரித்தால் புரிந்துவிடும். மாத ஆரம்பத்தில் ஸ்டோரில் பழைய ரகம் 15,000 கிலோ இருந்தது. அதில் 8,100 கிரேட் எடுத்திருக்கிறீர்கள், கிரேடுக்கு 1.852 கிலோ. ஏறத்தாழ ஸ்டாண்டர்டு. புதிய லாட்டில் 57,000 கிலோ போட்டு வந்தது 27,900 கிரேட், அதாவது கிரேடுக்கு 2.043 கிலோ. 5,400 கிலோ அதிக உபயோகத்தில் பழைய லாட்டின் பங்கு வெறும் 15 கிலோ, மீதி 5,385 கிலோவும் புதிய லாட்டில்தான். ஸ்டாண்டர்டே ரொம்ப இறுக்கமாகப் போட்டது என்று மீட்டிங்கில் ஒரு கருத்து வந்தது. அதே ஆட்களும் அதே மோல்டும் மாதத்தின் முதல் ஆறு நாளும் அந்த ஸ்டாண்டர்டைத் தொட்டிருக்கும்போது அதைத் தளர்த்த எனக்குக் காரணம் தெரியவில்லை.

புதிய லாட் ஏன் இப்படிச் செய்தது? சரக்கு வரவுச் சீட்டின் பின்னால் பின் அடித்திருந்த சப்ளையர் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். மெல்ட் ஃப்ளோ இண்டெக்ஸ் 5.5 என்று இருக்கிறது. நாம் வழக்கமாக வாங்கும் ரகத்தில் அது 8. எண் குறையக் குறைய உருகிய பிளாஸ்டிக் கெட்டியாக ஓடும், மோல்டின் மூலை முடுக்குக்குப் போய்ச் சேராது. ரிஜெக்ட் ரிஜிஸ்டரும் அதையேதான் சொல்கிறது. புதிய லாட்டில் 2,540 கிரேட் ரிஜெக்ட்: ஷார்ட் மோல்டிங் 1,610, வளைவு 640, மற்றவை 290. சான்றிதழ் முதல் நாளிலிருந்தே ஃபைலில் இருந்தது, ஆனால் யாரும் படிக்கவில்லை. உள்வரும் சரக்குச் சோதனையில் நாம் பார்ப்பது நிறம், ஈரம், மூட்டை எடை மட்டும்தான்.

5,385 கிலோவில் 3,711 கிலோ ரிஜெக்டாகவும் பர்ஜிங் கட்டியாகவும் போனது. மீதி 1,674 கிலோ நல்ல கிரேடுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஷார்ட் வராமல் இருக்க ஹோல்டிங் பிரஷரை ஏற்றியதால் கிரேடின் சராசரி எடை 1.86 கிலோ ஆகிவிட்டது. ரிஜெக்டாவது கண்ணில் படும், இந்த 60 கிராம் தராசில் வைத்தால்தான் தெரியும்.

இந்த எடை விஷயத்தில்தான் ஒன்று சொல்ல வேண்டும். அதே லாட், அதே மோல்டு, ஆனால் முதல் ஷிப்டில் சராசரி 1.83, இரண்டாம் ஷிப்டில் 1.89. இரண்டு ஷிப்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கைதான் எடுத்திருக்கின்றன. முதல் ஷிப்ட் செட்டிங்கையே இரண்டாம் ஷிப்டும் ஓட்டியிருந்தால் 837 கிலோ, அதாவது ரூ. 83,700 மிச்சமாகியிருக்கும். இதை பர்சேஸ் பக்கம் தள்ள என்னால் முடியாது சார், இது உங்கள் பிரிவிலேயே நிற்கும்.

இப்போது விலை வேரியன்ஸுக்கு வருகிறேன். பர்சேஸ் 75,000 கிலோவை 96 ரூபாய்க்கு வாங்கியது. நமது முறைப்படி விலை வேரியன்ஸ் வாங்கும்போதே கணக்கில் வந்துவிடும், அதனால் 3,00,000 சாதகம். ஆனால் அக்டோபரில் ஓட்டியது 57,000 கிலோதான், அதற்கு உரிய மிச்சம் ரூ. 2,28,000. அதே 57,000 கிலோவில் அதிக உபயோகம், கூலித் திறன், மாறும் மேற்செலவுத் திறன் மூன்றும் சேர்ந்து இழந்தது ரூ. 6,64,500. இரண்டாம் ஷிப்ட் செட்டிங்குக்காக 83,700-ஐக் கழித்தாலும் 5,80,800. கிலோவுக்கு 4 ரூபாய் மிச்சம் பிடித்து 10 ரூபாய் 19 காசு விட்டிருக்கிறோம். இது ஓவர்டைம் சேர்க்காத கணக்கு. வழக்கமான ரகம் அந்த வாரம் கிடைக்கவில்லை என்று பர்சேஸ் சொல்கிறது. அது நியாயமான காரணமாக இருக்கலாம். ஆனாலும் அந்த 3 லட்சத்தை யாரும் லாபமாகக் காட்டிக்கொள்வது சரியல்ல. நிர்வாகத்துக்குப் போகும் ரிப்போர்ட்டில் இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துக் காட்டப் போகிறேன்.

மெஷின் நேரமும் கூலியும்

36,000 கிரேடுக்கு மணிக்கு 50 வீதம் 720 மெஷின் மணி போதும். ஓடியது 810. கூடுதல் 90 மணியில் சுமார் 54 மணி ரிஜெக்ட் கிரேடுகளை எடுக்கவே போனது. மீதி 36 மணி, சைக்கிள் 72 விநாடியிலிருந்து 76, 77-க்குப் போனதால். ஒரு மெஷினுக்கு ஐந்து பேர் என்பதால் 90 மணி என்பது 450 ஆள் மணி, அதுதான் கூலித் திறனில் 54,000. மாறும் மேற்செலவில் 72,000-ம் இதே 90 மணிதான். வேறு காரணம் தேட வேண்டாம்.

கூலி விகிதத்தில் 43,000 என்பதைப் பார்த்து யாருக்கோ சம்பளம் ஏறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 300 மணி ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி கொடுத்ததில் கூடுதலான பகுதி 36,000, இரவு ஷிப்ட் படி 7,000.

மோல்டு ரிப்பேர்

இரண்டாம் மெஷினின் மோல்டில் கூலிங் சேனல் ஒழுகி 50 மணி நேரம் நின்றது. ஐந்து பேர் அவ்வளவு நேரம் காத்திருந்ததற்கு 30,000. ரிப்பேர் பில் 45,000, நிலையான செலவினத்தில் வந்த 48,000-ல் பெரும்பகுதி இதுவே. இந்த மோல்டுக்கு செப்டம்பரில் பராமரிப்பு நாள் குறித்திருந்தது. ஆர்டர் நெருக்கடியால் தள்ளிப்போட்டோம். அந்த முடிவு உங்களுடையது மட்டுமல்ல, பிளானிங்கும் சேர்ந்து எடுத்தது. கிரான்யூல்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அதனால் தனியாகவே காட்டியிருக்கிறேன்.

மின்சாரச் செலவினத்தில், அதாவது மாறும் மேற்செலவில், வந்த 53,000-ஐ என்னால் சுத்தமாகப் பிரிக்க முடியவில்லை. கெட்டியான மெட்டீரியலுக்காக பேரல் வெப்பத்தை ஏற்றினோம், மோல்டு நின்றபோதும் ஹீட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. எது எவ்வளவு தின்றது என்று சொல்ல மெஷினுக்குத் தனி மீட்டர் வேண்டும், இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அளவு வேரியன்ஸ் 1,20,000 கைவிட்டுப் போன பணம் இல்லை. 4,000 கிரேட் குறைந்ததால், கிரேடுக்கு 30 ரூபாய் வீதம் ஏறாமல் நின்ற நிலையான செலவு. ஆர்டர் ரத்தாகவில்லை, தள்ளித்தான் போயிருக்கிறது. நவம்பரில் அந்த எண்ணிக்கையைப் பட்ஜெட்டுக்கு மேல் எடுத்தால் இது திரும்பி வரும்.

உடனே வேண்டியவை

அவசரமானது ஸ்டோரில் இன்னும் கிடக்கும் அதே லாட் 18,000 கிலோ. அக்டோபர் போலவே ஓட்டினால் சுமார் 8,800 கிரேட் வரும், 1,700 கிலோ மறுபடி அதிகமாகப் போகும், அது இன்னொரு 1,70,000. திருப்பி அனுப்ப முடியுமா என்று பர்சேஸிடம் கேட்டிருக்கிறேன், புதன்கிழமைக்குள் பதில் வரும். முடியாது என்றால், வழக்கமான ரகத்தோடு கால் பங்கு கலந்து ஒரு ஷிப்ட் மட்டும் ட்ரையல் ஓட்டிப் பாருங்கள். எடையும் ரிஜெக்டும் கையில் வந்தபின் மீதியை முடிவு செய்யலாம். அதுவரை இந்த லாட்டை இஷ்யூ செய்ய வேண்டாம் என்று ஸ்டோருக்கு நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

அப்புறம், முதல் ஷிப்டின் செட்டிங்கை எழுதி மெஷின் மேல் ஒட்டச் சொல்லுங்கள். மணிக்கு ஒரு கிரேடாவது தராசுக்குப் போகட்டும்.

கடைசியாக, அரைத்த ரீகிரைண்ட் 3,400 கிலோ மூன்றாம் மெஷின் பக்கம் பைகளில் அடுக்கியிருக்கிறது. ஸ்டோருக்குத் திருப்பிய சீட்டு இல்லாததால் அக்டோபர் கணக்கில் ஒரு ரூபாய்கூட வரவு வைக்க முடியவில்லை. கிலோ 45 ரூபாய் என்றாலும் ரூ. 1,53,000. இந்த வாரம் சீட்டுப் போட்டு அனுப்பினால் நவம்பரில் உங்கள் பிரிவுக்கே வரவு வைத்துவிடுகிறேன். இன்னும் அரைக்காமல் கிடப்பதற்கும் இதே வழிதான்.

லாட் வாரியான தாளையும் ஷிப்ட் எடைப் பட்டியலையும் இதோடு இணைத்திருக்கிறேன். வியாழக்கிழமை ரிவியூவுக்கு முன் உங்கள் எண்களோடு ஏதாவது ஒத்துப்போகவில்லை என்றால் கூப்பிடுங்கள், ரிஜிஸ்டரோடு ஃப்ளோருக்கே வருகிறேன்.

இப்படிக்கு,
காஸ்ட் அக்கவுண்டன்ட்