மாடி வீடு வாடகைக்கு: ஸ்ரீரங்கம், மேல அடையவளஞ்சான் தெரு

பக்கம் 1: வாசல்

(படம்: தெருவிலிருந்து எடுத்தது. பச்சை கிரில் போட்டிருக்கும் முதல் மாடிதான்.)

இரண்டு படுக்கையறை, 820 சதுர அடி, கிழக்குப் பார்த்த வீடு. வாடகை 14,000 ரூபாய். கீழ் வீட்டில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். மாடிக்குத் தனி வழி, தனி மீட்டர். புரோக்கர் கிடையாது.

பக்கம் 2: ஹால்

(படம்: காலை எட்டு மணி, லைட் போடாமல் எடுத்தது.)

12 அடிக்கு 16 அடி. கிழக்கு ஜன்னல் வழியாகப் பத்து மணி வரை வெயில் வரும், மத்தியானம் நிழல்தான். இடது மூலையில் மேலே ஒரு மஞ்சள் திட்டு தெரிகிறதா? போன ஐப்பசி மழையில் ஒழுகிய இடம். மொட்டை மாடியில் தட்டோடு பெயர்த்துப் புதிதாகப் பதித்துவிட்டோம். பெயின்ட் மட்டும் பாக்கி. நீங்கள் வருவதற்குள் அடித்துத் தருகிறோம். படத்தில் அழித்துக் காட்ட மனசில்லை.

பக்கம் 3: சமையலறை

(படம்: மேடையும் குழாய்களும்.)

மேடை கடப்பா கல். மிக்ஸி, கிரைண்டர் இரண்டுக்கும் பிளக் பாயின்ட் உண்டு. இடது குழாயில் கார்ப்பரேஷன் தண்ணீர், வலது குழாயில் போர் தண்ணீர். கார்ப்பரேஷன் தண்ணீர் காலையில்தான் வரும்; குடிக்கப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். சிம்னி இல்லை, எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது. கொஞ்சம் சத்தம் போடும்.

பக்கம் 4: படுக்கையறைகள், குளியலறை

(படங்கள்: பெரிய அறை, சின்ன அறை. கட்டில் முன்பு இருந்தவர்களுடையது, எடுத்துப் போய்விட்டார்கள்.)

பெரிய அறையோடு ஒட்டி வெஸ்டர்ன் டாய்லெட், கீசர் உண்டு. பொதுக் குளியலறையில் இந்தியன் டாய்லெட், கீசர் இல்லை. இரண்டு அறையிலும் லாஃப்ட் இருக்கிறது. ஏசி லைன் பெரிய அறைக்கு மட்டும்.

பக்கம் 5: வரைபடம்

மேலே கிழக்கு, அதாவது தெருப்பக்கம். இடது கை வடக்கு. அளவெல்லாம் டேப் வைத்துச் சுவருக்குச் சுவர் எடுத்தது.

| வடக்கு | தெற்கு |
|---|---|
| பால்கனி 12 × 4 | சமையலறை 8 × 10 |
| ஹால் 12 × 16 | சாப்பாட்டு இடம் 8 × 8, பூஜை அலமாரி |
| சின்ன அறை 10 × 10 | பெரிய அறை 11 × 11 |
| பொதுக் குளியலறை 4 × 7 | ஒட்டிய குளியலறை 4 × 7 |

படிக்கட்டு வடக்குப் பக்கச் சுவரை ஒட்டி ஏறி ஹால் கதவில் முடியும். இதன் அகலம் இரண்டே முக்கால் அடிதான். முன்பு இருந்தவர்கள் டபுள் டோர் ஃபிரிட்ஜின் கதவைக் கழற்றித்தான் ஏற்றினார்கள். மர பீரோவைக் கயிறு கட்டி பால்கனி வழியாக இழுத்தோம். பெரிய சாமான் இருந்தால் வந்து ஒருமுறை அளந்து பாருங்கள்.

பக்கம் 6: தெரு

சித்திரை வீதிக்கு அடுத்து வெளியே இருக்கும் தெரு இது. கோயிலுக்கு நடந்தே போகலாம். சத்திரம் போக 1-ஆம் நம்பர் பஸ். வண்டி நிறுத்த இரண்டு டூவீலருக்கு இடம் உண்டு. காருக்கு இல்லை, தெருவிலும் நிறுத்த முடியாது. வைகுண்ட ஏகாதசி, சித்திரைத் தேர் சமயங்களில் சுற்றுத் தெருக்களில் வண்டி நகராது. அந்த நாட்களில் லாரி வரச்சொல்லிவிடாதீர்கள்.

பக்கம் 7: பணமும் நிபந்தனையும்

அட்வான்ஸ் 42,000. 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்லும் மூன்று மாத அளவுதான். பத்து மாத அட்வான்ஸ் எல்லாம் நாங்கள் கேட்பதில்லை. ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துகொள்வோம். செலவு ஆளுக்குப் பாதி. வாடகை மாதம் 5-ஆம் தேதிக்குள் வர வேண்டும், வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறும். மோட்டார், படி லைட், படி கூட்டுவது எல்லாம் சேர்த்து மாதம் 500. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை; உங்கள் மீட்டருக்கு வருவதை நீங்களே நேராகக் கட்டுங்கள். எங்கள் கைக்கு வர வேண்டாம்.

காலி செய்ய இரண்டு பக்கமும் இரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். சாவி தரும் அன்றே அட்வான்ஸ் திரும்பி வரும். 'பெயின்ட் அடிக்க' என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்க மாட்டோம். நாங்களும் இருபது வருஷம் வாடகைக்கு இருந்தவர்கள்தான். உடைந்த பொருளுக்கு மட்டும் பில்லைக் காட்டிக் கழிப்போம். ஆணி அடிக்க ஹாலில் மரச்சட்டம் இருக்கிறது, டைல்ஸில் மட்டும் துளை போடாதீர்கள்.

சைவமா அசைவமா, என்ன ஆட்கள் என்று கேட்க மாட்டோம். வேலைக்குப் போகும் பெண்கள் சேர்ந்து எடுத்தாலும் சரி. ஆனால் மொத்தம் நான்கு பேர்தான். மேல் தொட்டி அதற்கு மேல் தாங்காது.

பக்கம் 8: பார்க்க வர

வீடு இப்போதே காலி. ஆடியில் பால் காய்ச்ச மாட்டோம் என்பவர்கள் ஆனியிலேயே அட்வான்ஸ் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொள்ளலாம். வாடகை ஆவணி முதல் தேதியிலிருந்துதான் கணக்கு. தினமும் மாலை நான்கிலிருந்து ஆறரை வரை கீழ் வீட்டில் பெல் அடியுங்கள். ஏழு மணிக்கு நாங்கள் கோயிலுக்குப் போய்விடுவோம். வேறு நேரம் வேண்டுமென்றால் இந்தப் படங்கள் வந்த அதே வாட்ஸ்அப் எண்ணில் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.