எலும்பு ஸ்கேன் ரிப்போர்ட்டும் அதற்குப் பிறகான மருந்தும்: அம்மாமாருக்கு ஒரு விளக்கம்

வெள்ளவத்தையில் நம்முடைய கிளினிக்குக்கு எலும்பு ஸ்கேன் ரிப்போர்ட்டுடன் வரும் அம்மாமாருக்காக இதை எழுதித் தருகிறேன். அறைக்குள் அவசரமாகச் சொல்வது வீடு போய்ச் சேருவதற்குள் பாதி மறந்துபோகும். ஆறுதலாக இருந்து வாசியுங்கள். எழுத்துத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் நிறைய எண்கள் இருக்கும். அதில் T-score என்று அச்சிட்ட வரிசையை மட்டும் தேடிப் பிடியுங்கள். இருபது வயதுகளில் உள்ள சுகமான ஒரு பெண்ணின் எலும்போடு உங்கள் எலும்பை ஒப்பிட்டு வந்த எண் அது. −1 அல்லது அதற்கு மேலே என்றால் வழமையான எலும்பு. −1க்கும் −2.5க்கும் இடையில் என்றால் எலும்பு மெலியத் தொடங்கிவிட்டது. −2.5 அல்லது அதற்கும் கீழே என்றால்தான் எலும்புப்புரை, அதாவது டொக்டர்மார் சொல்லும் ஒஸ்டியோபொரோசிஸ். இந்தக் கோடுகளை உலக சுகாதார ஸ்தாபனம் 1994இல் வகுத்தது.

அந்தக் கழித்தல் குறி பலரைக் குழப்புகிறது. "2.7 கூடத்தானே, அப்ப நல்லதுதானே டொக்டர்?" என்று கேட்பார்கள். படி இறங்குவது மாதிரி நினையுங்கள். −1 ஒரு படி கீழே, −3 மூன்று படி கீழே. கழித்தல் குறிக்குப் பின்னால் வரும் எண் பெருக்கப் பெருக்க எலும்பின் அடர்த்தி குறைவு.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்போம். 71 வயது அம்மா ஒருவர். முள்ளந்தண்டில் −1.6, தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் −2.8. எதை எடுப்பது? இரண்டில் மோசமானதை. இந்த வயதில் முள்ளந்தண்டில் தேய்வால் புதிதாக எலும்பு முளைத்திருக்கும். மெஷின் அதையும் சேர்த்து எண்ணி, உண்மையை விட நல்ல எண்ணைக் காட்டிவிடும். ஆகவே அந்த அம்மாவுக்கு எலும்புப்புரை இருக்கிறது. பக்கத்தில் Z-score என்று இன்னொரு வரிசை உண்டு. அது உங்கள் வயதுக்காரரோடு ஒப்பிடுவது. அது நன்றாக இருக்கிறது என்று மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். 71 வயதில் பலருக்கும் எலும்பு மெலிந்துதான் இருக்கும்.

எண் மட்டும் எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. நின்ற இடத்தில் தடுக்கி விழுந்து தொடை எலும்போ முள்ளந்தண்டோ முறிந்திருந்தால், எண் −2 ஆக இருந்தாலும் மருந்து தேவை. தாய்க்கோ தகப்பனுக்கோ தொடை எலும்பு முறிந்திருந்ததா, 45 வயதுக்கு முன்னரே மாதவிடாய் நின்றதா, ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ மாதக்கணக்கில் பிரெட்னிசொலோன் குளிசை குடித்தீர்களா என்றெல்லாம் நான் கேட்பது இதற்காகத்தான். இன்னொன்றும் சொல்லுங்கள்: இளமையில் இருந்ததை விட ஒன்றரை அங்குலத்துக்கு மேல் உயரம் குறைந்திருக்கிறதா? முன்பு அளவாக இருந்த சோட்டி இப்போது தரையில் இழுபடுகிறதா? வலியே இல்லாமல் முள்ளந்தண்டு எலும்பு நசுங்கியிருக்கலாம்.

வலியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். எலும்பு முறியும்வரை எலும்புப்புரை வலிக்காது. முழங்கால் வலி மூட்டுத் தேய்வால் வருவது, அது வேறு. "குளிசை மூன்று மாதம் குடித்தேன், முழங்கால் அப்படியேதான் இருக்கு" என்று நிறுத்திவிடுகிற அம்மாமாரைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்தக் குளிசை முழங்காலுக்குத் தந்ததே அல்ல. வருகிற வருடங்களில் நீங்கள் தொடை முறிந்து படுக்கையில் விழாமல் இருக்கத் தந்தது.

பெரும்பாலானவர்களுக்கு முதலில் தருவது அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம். கிழமைக்கு ஒன்றுதான். ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் எப்போதும் ஞாயிறு. காலையில் எழும்பியவுடன், தேத்தண்ணி குடிக்க முன்னர், வெறும் வயிற்றில், ஒரு முழுக் கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு விழுங்குங்கள். கடிக்கவோ சூப்பவோ கூடாது. பிறகு அரை மணித்தியாலம் இருக்கலாம், நிற்கலாம், நடக்கலாம், படுக்க மட்டும் கூடாது. குனிந்து முற்றம் கூட்டவும் வேண்டாம். குளிசை தொண்டைக் குழாயில் தங்கினால் புண்ணாக்கும். தேத்தண்ணி, பால், மற்றக் குளிசைகள் எல்லாம் அந்த அரை மணித்தியாலத்துக்குப் பிறகு. பாலோடு குடித்தால் மருந்து உடம்பில் சேரவே சேராது. கல்சியம் குளிசையை மத்தியானச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மறந்துவிட்டால் திங்கள் காலை குடித்துவிட்டு, அடுத்த ஞாயிறிலிருந்து வழமை போலத் தொடருங்கள். ஒரே நாளில் இரண்டு வேண்டாம். நெஞ்செரிவோ விழுங்கும்போது வலியோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே வாருங்கள்.

குளிசை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றும் சொலெட்ரோனிக் அசிட் உண்டு. முதல் தடவை ஏற்றியபின் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு உளைவும் வரலாம், பனடோல் போதும். ஏற்ற முன்னர் சிறுநீரகமும் விற்றமின் டீயும் கல்சியமும் பார்க்க வேண்டும்.

டெனோசுமாப் என்ற ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்குக் கீழே போடுவது. நல்ல மருந்து, ஆனால் தவணை தவறக் கூடாது. தவறினால் கட்டிவைத்த எலும்பு வேகமாகக் கரைந்து, முள்ளந்தண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் வரலாம். கனடாவில் மகளிடம் ஆறு மாதம் போய் நிற்கப் போகிறீர்களா? டிக்கெட் போட முன்னர் ஊசித் திகதியைச் சொல்லுங்கள். அங்கே போடுவதற்குக் கடிதம் தருகிறேன், அல்லது ஆரம்பத்திலேயே வேறு மருந்தைத் தெரிவு செய்வோம். நீங்களாக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

தாடை எலும்பு அழுகிவிடும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். அப்படி ஒன்று உண்டு, ஆனால் மிக அரிது. பல் பிடுங்க இருந்தால் முடிந்தவரை மருந்து தொடங்க முன்னரே பிடுங்கிவிடுங்கள். பிறகு என்றால் பல் டொக்டரிடம் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். பல வருடம் குடித்தவர்களுக்கு மிக அரிதாகத் தொடை எலும்பில் வெடிப்பு வரும். தொடையிலோ கவட்டிலோ புதிதாக வலி தொடங்கினால் காத்திருக்க வேண்டாம். அலெண்ட்ரோனேட்டை வழமையாக ஐந்து வருடத்தில் மறுபடி பார்த்து, தொடர்வதா இடைவெளி விடுவதா என்று முடிவெடுப்போம்.

சாப்பாட்டில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,200 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். பால், தயிர், முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, ரின் மீன், குரக்கன், முருங்கை இலை எல்லாம் நல்லது. சாப்பாட்டில் கிடைக்காத மிச்சத்துக்குத்தான் குளிசை. லண்டனிலிருந்து மகன் அனுப்பும் போத்தலையும் கிளினிக் குளிசையையும் சேர்த்துக் குடிக்காதீர்கள், போத்தலைக் கொண்டுவந்து காட்டுங்கள். தைரொய்ட் குளிசை குடிப்பவர்கள் கல்சியத்தோடு நாலு மணித்தியால இடைவெளி விட வேண்டும். காலை ஆறு மணிக்குக் கடற்கரையோரம் நடப்பது எலும்புக்கும் கால்பலத்துக்கும் நல்லதுதான், ஆனால் அந்த இளவெயிலில் விற்றமின் டீ கிடைக்காது. பிளாட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் குளிசை தேவைப்படும்.

விழாமல் இருப்பதும் வைத்தியம்தான். பாத்ரூமில் பிடித்து எழும்பக் கைப்பிடி பூட்டச் சொல்லுங்கள். வழுக்கும் கால்மிதியை எடுத்துவிடுங்கள். இரவில் எழும்பும் வழியில் ஒரு சிறு லைட் எரியட்டும். காலி வீதி பஸ்ஸில் சீட் கிடைத்து இருக்கும்வரை கம்பியை விடாதீர்கள், நிறுத்தம் வந்து பஸ் நின்ற பிறகு எழும்புங்கள். நித்திரைக் குளிசை குடிப்பவர்கள் என்னிடம் சொல்லுங்கள், அதுவும் விழுத்தும்.

அடுத்த ஸ்கேனை இரண்டு வருடத்தில், முடிந்தால் அதே மெஷினில் எடுங்கள். மெஷின் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. வரும்போது பழைய ரிப்போர்ட்டையும் வீட்டிலிருக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.