குழாய் வேலை ஒப்படைப்புக் குறிப்பு

அம்மா, வேலை முடிந்தது. இந்தத் தாளைச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

மெயின் வால்வு மீட்டர் பெட்டிக்குள், சிவப்புக் கைப்பிடி. குழாய் உடைந்தால் முதலில் இதை மூடுங்கள். மொட்டைமாடி டேங்க் அடியில் மூன்று வால்வுகள்: இடது சமையலறைக்கு, நடு பாத்ரூம்களுக்கு, வலது டேங்க் கழுவும்போது மட்டும். சிங்க், வாஷ்பேசின் அடியில் அங்கே மட்டும் தண்ணீரை மூடத் தனித்தனி ஆங்கிள் காக் உண்டு.

புது லைனை 7 பார் அழுத்தத்தில் 2 மணி நேரம் வைத்துப் பார்த்தேன், முள் இறங்கவில்லை. கழிவுக் குழாய்களில் தண்ணீர் நிரப்பிச் சோதித்ததில் கசிவு இல்லை. மாடி பாத்ரூம் ஷவரில் மட்டும் வேகம் சற்றுக் குறைவு. டேங்க் உயரம் போதாததே காரணம், குழாயில் குறை இல்லை.

கீசர் சேஃப்டி வால்விலிருந்து சூடாகும்போது சில சொட்டு விழும். அது விழத்தான் வேண்டும். தயவுசெய்து அந்த வாயை அடைக்காதீர்கள், அழுத்தம் ஏறி கீசர் டேங்கே வெடிக்கலாம். சூடாகாத நேரத்திலும் சொட்டினால் கூப்பிடுங்கள்.

எல்லா வால்வுகளையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறங்கள், இல்லாவிட்டால் இறுகிவிடும். ஷவர் தலையில் உப்பு படிந்தால் வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். அடைப்புக்கு ஆசிட் வேண்டாம், சிங்க் அடியில் வளைந்திருக்கும் டிராப்பைக் கையாலேயே கழற்றிச் சுத்தம் செய்யலாம்.